வக்கீல் கட்டணமும் கட்டாமல் விட்ட வரியும்

சிறு நிறுவனங்களுக்கு வரும் ஜிஎஸ்டி நோட்டீஸ்களில் ஒரு வகை, படித்தவுடன் கோபத்தைக் கிளப்பும். லாப நட்டக் கணக்கில் ‘சட்டம் மற்றும் தொழில்முறைக் கட்டணம்’ என்று ஒரு தொகை இருக்கிறது. மாத ரிட்டர்னில் ரிவர்ஸ் சார்ஜ் கட்டத்தில் சுழியம் இருக்கிறது. ஆகவே முழுத் தொகைக்கும் 18 சதவீதம் வரி, வட்டி, அபராதம் கட்டுங்கள் என்று அது சொல்லும். கடைக்காரரோ பட்டறை முதலாளியோ இதற்கு இரண்டில் ஒன்றைச் செய்வார். ‘வக்கீல் பில்லில் வரியே போடவில்லை, நான் எதற்குக் கட்ட வேண்டும்’ என்று சண்டைக்கு நிற்பார். இல்லையென்றால் தலைவலி விட்டால் போதும் என்று கேட்ட தொகையைக் கேட்டபடியே கட்டுவார். இரண்டுமே தவறு என்பது என் வாதம். வரி கட்ட வேண்டியதுதான். அதில் சண்டைக்கு இடமில்லை. ஆனால் எந்தத் தொகைக்கு வரி, எந்தப் பிரிவின் கீழ் வரி என்ற இரண்டிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. கட்டிய வரி திரும்பக் கைக்கு வருமா, இல்லை முழுதும் கைநஷ்டமாகுமா என்பதை அந்த இரண்டுமே தீர்மானிக்கின்றன.

முதலில் வரி ஏன் நிறுவனத்தின் தலையில் விழுகிறது என்பதைப் பார்ப்போம். சிஜிஎஸ்டி சட்டத்தின் 9(3) பிரிவு, சில சேவைகளுக்கு விற்பவருக்குப் பதிலாக வாங்குபவரே வரி கட்ட வேண்டும் என்று அறிவிக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2017 ஜூன் 28 தேதியிட்ட 13/2017 அறிவிக்கை அப்படிப்பட்ட சேவைகளைப் பட்டியலிட்டது. தனி வழக்கறிஞரோ, மூத்த வழக்கறிஞரோ, வழக்கறிஞர்களின் கூட்டு நிறுவனமோ ஒரு வணிக அமைப்புக்குத் தரும் சட்டச் சேவை அதில் ஒன்று. இது ஜிஎஸ்டி கண்டுபிடித்த ஏற்பாடு அல்ல. 2012 முதல் சேவை வரியிலும் வக்கீல் கட்டணத்துக்கு வாங்குபவரே வரி கட்டிவந்தார். அறிவிக்கையின் முதல் வாசகம் நீதிமன்றத்தில் ஆஜராகும் சேவையை மட்டும் குறிக்கிறதோ என்ற ஐயம் 2017இல் எழுந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த திருத்தம் அதைப் போக்கியது. இன்று ஆலோசனை, ஒப்பந்தம் எழுதித் தருவது, வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது, நீதிமன்றத்தில் வாதாடுவது எல்லாமே இதற்குள் அடங்கும். ஜூனியர் மூலமாக ஒரு மூத்த வழக்கறிஞரை அமர்த்தினாலும், வழக்காடும் நிறுவனமே சேவையைப் பெறுபவர் என்று அறிவிக்கையின் விளக்கம் சொல்லிவிடுகிறது.

‘வக்கீல் பில்லில் வரி இல்லை’ என்ற ஆட்சேபம் இங்கேயே விழுந்துவிடும். ரிவர்ஸ் சார்ஜில் பில்லில் வரி இருக்கவே கூடாது. இந்த வகைச் சேவை மட்டுமே தருபவர்கள் ஜிஎஸ்டியில் பதிவு செய்யவும் தேவையில்லை என்பதால் பெரும்பாலான வக்கீல்களுக்கு எண்ணே கிடையாது. பல நேரம் லெட்டர்பேடில் கையெழுத்திட்ட ரசீதுதான் கிடைக்கும். அடுத்த ஆட்சேபம், தொகை சிறியது என்பது. ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் வரை விலக்கு உண்டே என்று இன்னமும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த விலக்கு 9(4) பிரிவைச் சேர்ந்தது. பதிவில்லாதவரிடம் பொதுவாக வாங்கியவற்றுக்கு 2017இல் சில மாதங்கள் இருந்து போனது. வக்கீல் கட்டணத்துக்கு அது ஒருநாளும் பொருந்தியதில்லை. உண்மையான விலக்கு 12/2017 அறிவிக்கையின் 45ஆம் வரிசையில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டின் மொத்த விற்றுமுதல், பதிவு தேவைப்படாத வரம்புக்குள் இருந்த நிறுவனத்துக்கு வக்கீல் சேவை வரியற்றது. கவனிக்க வேண்டிய சொல் ‘முந்தைய’ என்பது. தொழில் தொடங்கிய முதல் ஆண்டிலோ, முந்தைய ஆண்டு வியாபாரம் படுத்திருந்தபோதோ வந்த வக்கீல் செலவுக்கு இந்த விலக்கு கிடைக்கக்கூடும். நோட்டீஸ் எந்த ஆண்டுக்கு என்று பார்த்து, அதற்கு முந்தைய ஆண்டின் கணக்கை எடுத்துப் பார்ப்பதே முதல் வேலை.

ஏற்பாடே நியாயமற்றது என்ற குறையில் ஓரளவு உண்மை உண்டு. லட்சக்கணக்கான வக்கீல்களைப் பதிவு செய்ய வைத்து வசூலிப்பதைவிட, ஏற்கெனவே பதிவில் இருக்கும் நிறுவனங்களிடம் வாங்குவது அரசுக்கு எளிது. அந்த எளிமைக்கான வேலையைச் சம்பளமில்லாமல் செய்வது சிறு நிறுவனத்தின் கணக்கர். ஆனால் சட்டம் சுமையை யார் மேல் வைத்திருக்கிறது என்பதில் ஐயம் இல்லாதபோது, அது நியாயமா என்ற வாதத்தை நோட்டீஸுக்கான பதிலில் எழுதிப் பயனில்லை.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கோவையில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு கூட்டு நிறுவனம், ஆண்டு விற்றுமுதல் ஒன்றே முக்கால் கோடி என்று வைத்துக்கொள்வோம். 2022-23ஆம் ஆண்டின் லாப நட்டக் கணக்கில் ‘சட்டம் மற்றும் தொழில்முறைக் கட்டணம்’ 4,60,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் ASMT-10 படிவத்தில் பரிசீலனை நோட்டீஸ் வருகிறது. 4,60,000க்கு 18 சதவீதம், 82,800 ரூபாய் கேட்கிறது. பேரேட்டைத் திறந்து பார்த்தால் அந்தத் தலைப்பின் கீழ் ஐந்து செலவுகள் கலந்து கிடக்கின்றன. பணம் தராத வாடிக்கையாளர் மீது வழக்கு நடத்திய கோவை வக்கீலுக்கு 1,50,000, உயர்நீதிமன்ற மேல்முறையீட்டுக்குச் சென்னை வக்கீலுக்கு 90,000, ஆடிட்டருக்கு 1,20,000, நீதிமன்றக் கட்டணம் 60,000, வணிகச் சின்னம் பதிவு செய்து தந்த ஆலோசனை நிறுவனத்துக்கு 40,000. ஆடிட்டரும் ஆலோசனை நிறுவனமும் பில்லிலேயே ஜிஎஸ்டி வசூலித்துவிட்டார்கள். அவர்கள் வழக்கறிஞர்கள் அல்ல; அவர்களுக்கு ரிவர்ஸ் சார்ஜும் இல்லை. நீதிமன்றக் கட்டணம் வக்கீலின் ஊதியமே அல்ல. நீதிமன்றத்தின் சேவையைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை வழங்கல் என்ற வரையறைக்கே வெளியே வைத்திருக்கிறது. ஆக 2,20,000 ரூபாய் நோட்டீஸிலிருந்து கழிகிறது. மிஞ்சுவது 2,40,000, அதற்கு வரி 43,200. கேட்டதில் பாதியைச் சற்றே தாண்டிய தொகை.

இந்தப் பிரிப்பைச் செய்யாமல் பணம் கட்டுவதுதான் சிறு நிறுவனங்கள் அதிகம் செய்யும் பிழை. அதிகாரி முழுத் தலைப்பையும் எடுத்துக்கொண்டது வஞ்சகத்தால் அல்ல. அவர் கையில் இருப்பது தணிக்கையான கணக்கின் ஒற்றை வரி மட்டுமே. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டிய பொறுப்பு நிறுவனத்துடையது. சொல்வதற்கு ஆதாரமும் வேண்டும்: பேரேட்டு நகல், ஒவ்வொரு பில்லும், நீதிமன்றக் கட்டணத்துக்கான ரசீது. நீதிமன்றக் கட்டணத்தை வக்கீல் தன் பில்லில் தனியாகக் காட்டாமல் ‘வழக்குச் செலவு உட்பட’ என்று ஒரே தொகையாக எழுதியிருந்தால் சிக்கல்தான். அப்போது அவரிடம் பிரித்துக் காட்டும் கடிதம் வாங்கி, ரசீது நகலையும் சேர்க்க வேண்டும். இரண்டும் கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியை வாதத்திலிருந்து விட்டுவிடுவதே மரியாதை. ஆதாரம் இல்லாத ஒரு கோரிக்கை, ஆதாரம் உள்ள மற்றவற்றின் மீதும் சந்தேகத்தை வரவழைக்கும்.

வட்டியிலும் கவனம் தேவை. 50ஆம் பிரிவின்படி ஆண்டுக்கு 18 சதவீதம். எந்த மாதத்தில் வரி கட்டியிருக்க வேண்டுமோ அந்த மாத ரிட்டர்னின் கெடு நாளிலிருந்து கட்டும் நாள் வரை. வரிப் பொறுப்பு எழுவது வக்கீலுக்குப் பணம் தந்த நாளில், அல்லது அவர் பில் தந்து அறுபது நாள் கழிந்த மறுநாளில், இரண்டில் எது முந்தியதோ அதில். நம் கணக்கில் இரண்டு பில்களுக்கும் உடனே பணம் போனது: கோவை வக்கீலுக்கு 2022 ஆகஸ்டில், சென்னை வக்கீலுக்கு 2023 ஜனவரியில். முதல் வரி 27,000க்குக் கெடு 2022 செப்டம்பர் 20. இரண்டாவது வரி 16,200க்குக் கெடு 2023 பிப்ரவரி 20. 2025 செப்டம்பர் 20 அன்று கட்டினால் வட்டி முறையே ஏறக்குறைய 14,600, 7,500. மொத்தம் 22,100 ரூபாய். வரவுப் பேரேட்டில் எப்போதும் இருப்பு இருந்தது, ஆகவே வட்டி கூடாது என்ற வாதம் இங்கே எடுபடாது. ரிவர்ஸ் சார்ஜ் வரியை ரொக்கமாக மட்டுமே கட்ட முடியும்; உள்ளீட்டு வரி வரவைக் கொண்டு கழிக்க முடியாது. எனவே வட்டியும் முழுத் தொகைக்கு.

இப்போது முக்கியமான ஆட்சேபத்துக்கு வருகிறோம். ரிவர்ஸ் சார்ஜில் கட்டிய வரியை அதே மாதம் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குவது. அரசுக்கு ஒரு காசு நஷ்டமில்லை. பின் எதற்கு வரி, எதற்கு வட்டி? ஆடிட்டர்களே பலர் பதிலில் இதை முதல் வாதமாக எழுதுகிறார்கள். நல்ல வாதம்தான், வைக்கும் இடம் தவறு. 2022 மே மாதம் நார்தர்ன் ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே வகை வாதத்தைச் சேவை வரியின் ரிவர்ஸ் சார்ஜ் தொடர்பாகக் கேட்டது. வரவு கிடைக்கும் என்பதால் வரிப் பொறுப்பு இல்லாமல் போகாது என்று சொல்லி, வரி உண்டு என்றே தீர்த்தது. ஆனால் அதே தீர்ப்பில், வரி ஏய்க்கும் எண்ணத்தோடு மறைத்தார்கள் என்று சொல்லி நீட்டித்த காலவரம்பைப் பயன்படுத்தத் துறைக்கு இடமில்லை என்றும் சொன்னது. நிர்லான் வழக்கில் 2015இலேயே, வரவாகத் திரும்பக் கிடைக்கும் வரியை ஏய்க்க யாருக்கும் காரணமில்லை என்ற நியாயத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றிருந்தது. ஆக, ‘அரசுக்கு நஷ்டமில்லை’ என்ற வாதம் வரியைத் தடுக்காது. ஆனால் ஏய்ப்பு என்ற குற்றச்சாட்டைத் தடுக்கும்.

ஏய்ப்பு என்ற சொல்லுக்கு இங்கே விலை என்ன என்று பார்த்தால்தான் அந்தத் தடுப்பின் மதிப்பு புரியும். 2023-24 வரையான ஆண்டுகளுக்கு இரண்டு பிரிவுகள். கெட்ட எண்ணம் இல்லாத பாக்கிக்கு 73. மோசடி, வேண்டுமென்றே தவறான தகவல், மறைப்பு ஆகியவற்றுக்கு 74. 73இல், காரணம் கேட்கும் நோட்டீஸ் வருமுன் வரியும் வட்டியும் கட்டினால் அபராதம் இல்லை. நோட்டீஸ் வந்து முப்பது நாளுக்குள் கட்டினாலும் இல்லை. உத்தரவு வரை இழுத்தால் வரியில் பத்து சதவீதம் அல்லது பத்தாயிரம், எது அதிகமோ அது. மத்திய, மாநில வரிகளுக்குத் தனித்தனியே என்பதால் நம் கோவை நிறுவனத்துக்கு 20,000. 74இல் அபராதம் நோட்டீஸுக்கு முன் 15 சதவீதத்தில் தொடங்கி, உத்தரவுக்குப் பின் முப்பது நாளும் கடந்தால் வரிக்குச் சமமான தொகை வரை போகும். அதைவிடக் கொடியது வேறோர் இடத்தில் ஒளிந்திருக்கிறது. 17(5) பிரிவு, அந்த ஆண்டுகளுக்கு 74இன் கீழ் கட்டிய வரிக்கு உள்ளீட்டு வரவு கிடையாது என்கிறது. 73இன் வழியில் போனால் 43,200 வரவாகத் திரும்பும். உண்மைச் செலவு 22,100 வட்டி மட்டும். 74இன் கடைசிப் படி வரை போனால் வரி 43,200, அபராதம் 43,200, வட்டி 22,100க்கு மேல், திரும்புவது எதுவுமில்லை. ஒரே வக்கீல் பில், ஒரே மறதி. செலவில் ஏறக்குறைய ஐந்து மடங்கு வித்தியாசம்.

துறையின் பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சட்டத்தின் விளக்கம், ரிட்டர்னில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதையே ‘மறைப்பு’ என்கிறது. GSTR-3B ரிட்டர்னின் 3.1(d) கட்டம் இதற்காகவே இருக்கிறது. அதைச் சுழியமாக விட்டீர்கள், ஆகவே மறைத்தீர்கள் என்பது அதிகாரியின் தர்க்கம். ஆனால் 74ஆம் பிரிவின் வாசகம் அதோடு நிற்கவில்லை. ‘வரி ஏய்ப்பதற்காக’ என்ற எண்ணத்தையும் கேட்கிறது. நார்தர்ன் தீர்ப்புக்குப் பின், 2023 டிசம்பர் 13 அன்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் வெளியிட்ட 05/2023 அறிவுறுத்தல், வரி கட்டவில்லை என்பதாலேயே 74ஐப் பயன்படுத்தக் கூடாது, ஏய்ப்பு எண்ணத்துக்கான ஆதாரம் நோட்டீஸிலேயே இருக்க வேண்டும் என்று தன் அதிகாரிகளுக்குச் சொல்லியிருக்கிறது. கோவை நிறுவனத்தின் பக்கம் உண்மைகளும் வலுவானவை. கட்டணம் வங்கி வழியே போயிருக்கிறது. கணக்கில் தலைப்பிட்டு எழுதப்பட்டிருக்கிறது. வருமான வரிச் சட்டத்தின் 194J பிரிவில் மூலத்திலேயே வரி பிடித்து அரசுக்குக் கட்டப்பட்டிருக்கிறது. ஓர் அரசுத் துறைக்குப் பெயரோடும் தொகையோடும் தெரிவித்த கட்டணத்தை இன்னொரு துறையிடம் மறைத்தார் என்பது ஒட்டாத குற்றச்சாட்டு. திரும்பக் கிடைக்கும் வரி என்ற வாதத்தை இந்த இடத்தில் சேர்த்தால் அதற்குரிய கனம் கிடைக்கும்.

பதில் எந்தக் கட்டத்தில் போகிறது என்பதும் பணமாகும். ASMT-10 என்பது காரணம் கேட்கும் நோட்டீஸ் அல்ல. ரிட்டர்னில் கண்ட முரண்பாட்டுக்கு விளக்கம் கேட்பது. முப்பது நாளுக்குள் ASMT-11இல் பதில் தர வேண்டும். இந்தக் கட்டத்திலேயே வட்டியோடு கட்டினால் 73(5) பாதுகாப்பு முழுதாகக் கிடைக்கும். அதிகாரி ஏற்றால் ASMT-12 தந்து முடித்துவைப்பார். பதிலே தராமல் விட்டால் DRC-01A, பிறகு DRC-01, பிறகு DRC-07 உத்தரவு. பல நிறுவனங்கள் உத்தரவைக் கண்டுதான் விழிக்கின்றன. ஏனென்றால் நோட்டீஸ் தளத்தில் ஏறிய தகவல் போகும் மின்னஞ்சல் எப்போதோ வேலையை விட்டுப் போன கணக்கருடையது. பதிலில் சொல்ல வேண்டியவை சிலவே. 4,60,000இல் 2,20,000 ஏன் ரிவர்ஸ் சார்ஜில் வராது என்பது, பில்களோடு. 2,40,000க்கான வரி 43,200ஐயும் இன்ன தேதி வரையான வட்டியையும் இன்ன DRC-03 எண்ணில் கட்டியாயிற்று என்பது. விடுபட்டது கவனக்குறைவால், கட்டணங்கள் கணக்கிலும் வருமான வரிப் பிடித்தத்திலும் வெளிப்படையாக உள்ளன, ஏய்ப்பு எண்ணம் இல்லை என்பது. 73(5), 73(6) பிரிவுகளின்படி மேல்நடவடிக்கை இல்லாமல் முடித்துத் தரக் கோருவது. ‘கட்டினால் தப்பை ஒத்துக்கொண்டதாகாதா’ என்று தயங்குபவர்களுக்கு இந்த மூன்றாவது வாசகமே பதில். வரிப் பொறுப்பை ஒத்துக்கொள்வது வேறு, ஏய்ப்பை ஒத்துக்கொள்வது வேறு. அதை எழுதாமல் DRC-03ஐ மட்டும் அனுப்புகிறவர், பணத்தைக் கட்டிவிட்டுத் தன் தரப்பைச் சொல்லாமல் வருகிறார்.

கடைசியாக, கட்டிய வரியைத் திரும்ப எடுக்கும் வழி. வக்கீல் பதிவில்லாதவர் என்றால் 31(3)(f) பிரிவின்படி நிறுவனமே தனக்குத் தானே ஓர் இன்வாய்ஸ் எழுத வேண்டும். மூன்றாண்டு பழைய கட்டணத்துக்கு இப்போது எழுதும்போது, பழைய தேதி போட்டால்தான் ஒழுங்கு என்று நினைத்து 2022 தேதியிடுகிறார்கள். அது பொய் ஆவணம் என்பது ஒருபுறம். அதனால் வரவும் பறிபோகும். 2022-23 இன்வாய்ஸுக்கு வரவெடுக்கும் பொதுக் கெடு 2023 நவம்பர் 30இல் முடிந்துவிட்டது. 2024 ஜூன் 26இல் வந்த 211/5/2024 சுற்றறிக்கை இதைத் தெளிவாக்கியிருக்கிறது: பதிவில்லாதவரிடம் பெற்ற ரிவர்ஸ் சார்ஜ் சேவைக்கு, பெற்றவர் இன்வாய்ஸ் எழுதிய நிதியாண்டே கெடுவுக்கான ஆண்டு. 2025 செப்டம்பரில் உண்மையான தேதியோடு எழுதினால் 2026 நவம்பர் 30 வரை வரவெடுக்கலாம். தாமதமாக எழுதியதற்கு 122ஆம் பிரிவில் அபராதம் விதிக்க இடமுண்டு என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. தெரிந்தே எடுக்க வேண்டிய துணிவு அது. சென்னை வக்கீல் பதிவு பெற்றவராக இருந்து அவரே முறையான இன்வாய்ஸ் தந்திருந்தால் இந்தச் சலுகை இல்லை. அவருடைய இன்வாய்ஸின் ஆண்டே கணக்கு, அந்த 16,200 போனது போனதுதான்.

நோட்டீஸ் வருமுன் தானாகவே விடுபட்டதைக் கண்டுபிடித்தவர், நடப்பு மாத GSTR-3Bயிலேயே 3.1(d)இல் காட்டிக் கட்டி 4(A)(3)இல் வரவெடுப்பது நேரான வழி. நோட்டீஸ் வந்தபின் அதிகாரி நோட்டீஸோடு இணைந்த DRC-03ஐயே எதிர்பார்ப்பார். வரியும் வட்டியும் ரொக்கப் பேரேட்டில் அதனதன் தலைப்பில் இருக்க வேண்டும். அப்படிக் கட்டிவிட்டு 4(A)(3)இல் வரவெடுத்தால், ரிட்டர்னில் வரியைவிட வரவு அதிகமாகத் தெரியும். 2024 ஆகஸ்ட் முதல் தளம் வைத்திருக்கும் ரிவர்ஸ் சார்ஜ் பட்டியலில் அது முரண்பாடாக நிற்கும். DRC-03 நகலையும் இன்வாய்ஸையும் ஒன்றாகக் கோப்பில் வைத்திருப்பவருக்கு அது விளக்கக்கூடிய முரண்பாடு; வைக்காதவருக்கு அதுவே அடுத்த நோட்டீஸ்.

இந்த வாதம் முழுதும் வரவெடுக்கத் தகுதி உள்ளவர்களுக்கே பொருந்தும். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைக்காரருக்கு வக்கீல் கட்டணத்தின் மீது அதே 18 சதவீதம் உண்டு, CMP-08இல் காட்ட வேண்டும், வரவு மட்டும் இல்லை. அரசுக்கு நஷ்டமில்லை என்று அவர் சொல்லவும் முடியாது. வெளிப்படையான கணக்கும் கவனக்குறைவும் மட்டுமே அவர் கையிலிருக்கும் வாதங்கள். 2024-25 முதல் இரண்டு பிரிவுகளுக்கும் பதிலாக 74A வந்துவிட்டது. நோட்டீஸ் வந்தபின் அபராதமின்றிக் கட்ட அறுபது நாள் கிடைக்கிறது, ஏய்ப்புக்கான வரவுத் தடையும் நீங்கியிருக்கிறது. ஆனால் 2022-23க்கு 73இன் கீழ் 2026 செப்டம்பர் 30 வரை நோட்டீஸ் தரலாம்; 2023-24க்கு அதற்கும் ஓராண்டு கூடுதல். அந்த இரண்டு ஆண்டுகளின் பேரேட்டில் வக்கீல் கட்டணத்தைத் தேடிப் பாருங்கள்.